பழைய வாளின் துரு: எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும்

கேள்வி: மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் இருக்கும் ஒரு வாள் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. வாள் முழுவதும் கறுத்திருக்கிறது, பிடிக்கு அருகில் சிவந்த துரு கட்டிகட்டியாக இருக்கிறது. வினிகரில் ஒரு நாள் ஊறவைத்தால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள், சிலர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். அதன் மதிப்பும் பழைய தோற்றமும் கெடாமல் துருவை மட்டும் எப்படி எடுப்பது?

பதில்:

வினிகர், உப்புத்தாள் இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் வாளில் எடுக்க வேண்டியது பிடிக்கு அருகில் உள்ள சிவந்த துரு மட்டுமே. அலகு முழுவதும் பரவியிருக்கும் கறுப்பைத் தொடவே கூடாது. அந்தச் சிவந்த துருவை எடுக்க மெல்லிய கனிம எண்ணெய், வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு மூங்கில் சீவல், ஒரு சிறு பித்தளைத் தகடு, ஒரு பூதக்கண்ணாடி ஆகியவையும், இரண்டு மூன்று வாரப் பொறுமையும் போதும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை முதலில் விளக்குகிறேன். காரணம் தெரியாமல் வேலையைத் தொடங்கினால், எங்கே நிறுத்துவது என்பது தெரியாமல் போய்விடும்.

நாம் துரு என்று ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் குணத்தில் வேறுபட்ட சில பொருள்களை. இரும்பு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேரும்போது முதலில் உண்டாகும் செம்மஞ்சள் நிறப் பொடி, நீர் கலந்த இரும்பு ஆக்சைடு. அது எந்த இரும்பிலிருந்து உண்டானதோ அதைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்தது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பின் மேலேயே பிடித்து வைத்திருக்கும். ஆகவே அது இருக்கும் வரை அரிப்பும் அடியில் நடந்துகொண்டேதான் இருக்கும். கறுப்பு நிறத்தில், இரும்போடு இறுக ஒட்டி, மெல்லிய தோல் போல இருப்பது வேறு. அது பெரும்பாலும் மாக்னடைட் என்னும் அடர்த்தியான ஆக்சைடு. உலர்ந்த இடத்தில் அது மாறாமல் பல காலம் நிற்கும், அடியில் உள்ள எஃகுக்கும் ஓரளவு காப்பாக இருக்கும். பழம்பொருள் அறிந்தவர்கள் பட்டினா என்று சொல்லிப் பாதுகாப்பது இந்தக் கரும்பழுப்புத் தோலைத்தான்.

இந்தக் கறுப்பைப் பற்றி இன்னும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். வாளைச் செய்தவர் கடைசியாக மெருகேற்றிய மேற்பரப்பு எங்கே இருந்ததோ, அந்த மட்டம் பல இடங்களில் இன்று வெறும் எஃகில் இல்லை, இந்தக் கரும்படலத்துக்குள் இருக்கிறது. மேற்புற எஃகு மெல்ல ஆக்சைடாக மாறியபோது, மெருகுக் கோடுகளும் முத்திரையின் விளிம்புகளும் மெல்லிய பொறிப்புகளும் அந்த ஆக்சைடிலேயே வடிவம் கெடாமல் தங்கிவிடும். அதைச் சுரண்டி எடுத்தால் அடியில் பளபளப்பான பழைய வாள் கிடைக்காது. சிறு சிறு குழிகள் நிறைந்த ஒரு சாம்பல் நிறப் பரப்புதான் கிடைக்கும். அந்தக் குழிகள் கண்ணை உறுத்த, அவற்றைச் சமன் செய்ய வேண்டும் என்று தோன்றும். ஒரு குழியைச் சமன் செய்ய வேண்டுமானால் அதன் ஆழம் வரை சுற்றியுள்ள எஃகு முழுவதையும் தேய்த்தாக வேண்டும். அப்போது கூர்மையான முதுகு விளிம்பு உருண்டுவிடும், நடுப்பள்ளத்தின் வரம்பு மழுங்கும், முத்திரை மறையும். ஒரு வாளின் காலத்தையும் செய்முறையையும் பார்வையிடுபவர் படிப்பது இவற்றில்தான். பழைய வாளின் மதிப்பு சரிவது பெரும்பாலும் துருவினால் அன்று, இந்தத் தேய்ப்பினால்தான்.

எது வளர்ந்துகொண்டிருக்கும் துரு, எது அடங்கிவிட்ட படலம் என்பதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. உலர்ந்த வெள்ளைத் துணியால் மெல்ல ஒற்றிப் பாருங்கள். செம்மஞ்சள் பொடி ஒட்டினால் அது நடப்பில் இருக்கும் துரு. பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது செதில்கள் விளிம்பில் தூக்கிக்கொண்டிருந்தாலும், கொப்புளம் போல மேடு தெரிந்தாலும், அதே முடிவுக்கு வரலாம். கறுப்பு அல்லது கரும்பழுப்பாக, நகத்தால் வருடினால் வழவழப்பாக, துணியில் ஏதும் ஒட்டாமல் இருந்தால் அதை விட்டுவிடலாம். ஈரமான நாள்களில் துருவின் மேல் பழுப்பு நிறத்தில் மிகச் சிறிய நீர்த்துளிகள் அரும்பி நின்றால், உள்ளே உப்பு, அதாவது குளோரைடு, தேங்கியிருக்கிறது என்று பொருள். கை வியர்வையிலிருந்தும் கடற்காற்றிலிருந்தும் அது வரும். அப்படிப்பட்ட வாளை வீட்டுமுறையில் முழுமையாக அடக்க முடியாது. அது பழம்பொருள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் கையாள வேண்டியது.

இனி வினிகருக்கு வருகிறேன். துருவைக் கரைக்கும் அமிலம் எதுவானாலும் துரு முடிந்த இடத்தில் நின்றுவிடாது. அதே மூச்சில் எஃகையும் அரிக்கத் தொடங்கும். கடினமாக்கப்பட்ட வாள் எஃகு ஒரே சீரான பொருள் அல்ல. அதன் கார்பன் மிகுந்த பகுதியும் குறைந்த பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிபடும். அதனால் ஊறவைத்து எடுத்த வாள் மங்கலான சாம்பல் நிறத்தில், நுண்ணிய சொரசொரப்போடு வெளியே வரும். அந்த நிறத்தைக் கண்டவுடனேயே, அனுபவமுள்ள எவரும் இது அமிலத்தில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். கழுவி எடுத்த சில மணி நேரத்தில் புதிதாக ஒரு செம்படலம் மேலே விரிவதும் வழக்கம். குழிகளுக்குள்ளும் பிடியின் அடியிலும் புகுந்துவிட்ட அமிலத்தை எவ்வளவு கழுவினாலும் வெளியேற்ற முடியாது. அது உள்ளிருந்தே வேலை செய்துகொண்டிருக்கும். அமிலம் எஃகோடு வினைபுரியும்போது வெளிப்படும் ஹைட்ரஜன், கடினமான எஃகுக்குள் நுழைந்து அதை உடையும் தன்மை உடையதாக்குவதும் உண்டு.

நான் இந்த வேலையைக் கற்கத் தொடங்கிய நாள்களில், இலைக்கொடிப் பொறிப்பு உள்ள ஒரு வாளை இரவு முழுவதும் வினிகர்த் துணியால் சுற்றி வைத்தேன். காலையில் துரு போயிருந்தது. அதோடு பொறிப்பின் பாதியும் போயிருந்தது. இத்தகைய பொறிப்புகள் ஆழம் மிகக் குறைந்தவை. உயர்ந்த பகுதிக்கும் தாழ்ந்த பகுதிக்கும் இருந்த மெருகு வேறுபாட்டினால்தான் அவை கண்ணுக்குத் தெரிந்தன. அமிலம் இரண்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அதைத் திரும்பப் பெற வழியே கிடையாது. அந்த வாளை இன்றும் நான் வைத்திருக்கிறேன். அதன் மேல் இன்னமும் எனக்கு வருத்தம் உண்டு.

சிட்ரிக் அமிலமும் இதே வகைதான். எலுமிச்சையிலிருந்து வருவது என்பதால் அது மென்மையாகிவிடாது. அமிலமற்றவை என்று விற்கப்படும் துருக்கரைப்பான்கள், இரும்பு அயனியைப் பற்றி இழுத்துக்கொள்ளும் சேர்மங்களால் ஆனவை. அவை வெறும் எஃகுக்கு அதிகத் தீங்கு செய்வதில்லை என்பது சரிதான். ஆனால் சிவந்த துருவுக்கும் கரும்படலத்துக்கும் அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டையும், நீலமேற்றிய பூச்சு இருந்தால் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும். மின்பகுப்பு முறையும் அப்படித்தான். துருவைக் கறுப்பாக மாற்றும் திரவங்கள் வேறு விதமாகக் கெடுக்கும். அவை வாளுக்கு இயல்பில் இல்லாத ஒரு நீலக்கறுப்பைப் பூசிவிடும், பின்னர் அதை எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கடினம். ஒரு கலப்பைக் கொழுவுக்கோ வேலிக் கம்பிக்கோ இவை எல்லாம் பொருத்தமாக இருக்கலாம். மேற்பரப்பே மதிப்பாக உள்ள ஒரு பொருளுக்கு, தேர்ந்தெடுக்கத் தெரியாத எந்த முறையும் பொருந்தாது. மின்துரப்பணத்தில் மாட்டும் கம்பித் தூரிகையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மேற்பரப்பை உழுவது ஒருபுறம் இருக்க, வெட்டும் விளிம்பான மெல்லிய வாய்ப்பகுதி அதில் எளிதில் சூடேறும். சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது எஃகில் வைக்கோல் நிறம் தோன்றத் தொடங்கும். அதற்கு மேல் போகப் போக, செய்தவர் கொடுத்த கடினம் இறங்கிக்கொண்டே வரும்.

வேலையைத் தொடங்கும் முன், உங்கள் வாள் தொடக்கூடாத வகைகளில் ஒன்றா என்று பாருங்கள். ஜப்பானிய வாளாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதன் மெருகு, பல நிலைக் கற்களால் தேர்ந்த மெருகாளர் ஒருவர் உண்டாக்கியது. பிடிக்குள் நுழையும் பகுதியில் உள்ள துருவின் நிறமே அதன் வயதைக் கணிக்க உதவும் சான்றுகளில் ஒன்று, அதை யாரும் துடைப்பதில்லை. மூசையில் உருக்கிய பழைய வகை எஃகான ஊட்ஸிலும், பல இரும்புகளை முறுக்கி இணைத்துச் செய்த வாள்களிலும் நீரோட்டம் போன்ற வரிகள் தெரியும். கறுப்பின் அடியில் அப்படி ஏதேனும் மங்கலாகத் தெரிந்தால், தேய்ப்பது அந்த வரிகளை மறைத்துவிடும். தங்க, வெள்ளி இழைகள் பதித்த வேலைப்பாடு இருந்தால், துரு பெரும்பாலும் அந்த இழையின் அடியிலேயே புகுந்து அதைத் தூக்கி நிறுத்தியிருக்கும். துணியில் ஓர் இழை மாட்டினாலும் தங்கம் உரிந்து வந்துவிடும். மண்ணிலிருந்து எடுத்த வாளில் எஃகு மிச்சம் இருக்கிறதா என்பதே ஐயம். இவை நான்கிலும் உலர்ந்த இடத்தில் வைத்து, உரியவரிடம் காட்டுவதே சரி.

இந்த வகைகளில் சேராத வாள் என்றால், வீட்டிலேயே செய்யலாம். அண்மையில் நான் செய்த ஒன்றையே எடுத்துச் சொல்கிறேன். அது உங்கள் விவரிப்போடு நன்றாகப் பொருந்துகிறது. 76 சென்டிமீட்டர் நீள அலகு, சற்றே வளைந்தது, ஒரு பக்கம் மட்டும் வாய். முழுவதும் கரும்பழுப்பு. பிடியிலிருந்து 9 சென்டிமீட்டர் தூரம் வரை ஒரு பக்கத்தில் மட்டும் செந்துரு பொருக்காக ஏறியிருந்தது. உறையின் வாய்ப்பகுதியில் இருந்த தோல், ஈரத்தைப் பிடித்து அந்த இடத்தில் வைத்திருந்ததே காரணம். அலகின் நடுவில், எப்போதோ யாரோ வெறும் கையால் பிடித்ததன் அடையாளமாக, இரண்டு விரல் வடிவத் துருக்கறைகள்.

முதலில் எல்லாப் பக்கமும் அளவுகோலோடு படம் எடுத்தேன். பின்னர் வாளை மேசையில் தடித்த துணி விரித்து, முழு நீளமும் தட்டையாகத் தாங்கும்படி கிடத்தினேன். வாய்ப்பகுதியின் மேல், நீளவாக்கில் பிளந்த ஒரு ரப்பர்க் குழாயை மாட்டினேன். மழுங்கிய பழைய வாள்தானே என்று நினைக்க வேண்டாம். இந்த வேலையில் வெட்டுப்படுபவர்களில் பெரும்பாலோர், துணியை மடித்து அலகை இருபுறமும் பிடித்து ஒரே இழுப்பாகத் துடைக்கும்போதுதான் வெட்டுப்படுகிறார்கள். கை எப்போதும் தட்டையான பக்கத்தின் மேல் மட்டுமே இருக்க வேண்டும். அலகைச் சுற்றி விரல்கள் மடங்கக் கூடாது. அசைவு எப்போதும் அலகின் நீளவாக்கில். இதற்குப் பாதுகாப்பு ஒரு காரணம்; பழைய மெருகுக் கோடுகள் எந்தத் திசையில் போகின்றனவோ, அதைக் குறுக்கிடும் ஒரு கீறலும் கண்ணில் அறையும் என்பது மற்றொரு காரணம். உங்கள் வாளின் மெருகு குறுக்காகப் போவது தெரிந்தால், அதன் திசையில், முதுகிலிருந்து வாயை நெருங்கும் முன் நின்றுவிடும் குறுகிய அசைவுகளாகச் செய்யுங்கள்.

பிடியைக் கழற்றவில்லை. அதன் தோலிலும் மரத்திலும் எண்ணெய் ஊறிவிடாமல் இருக்க, பிடி முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வாளின் நுனி சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வைத்தேன். மென்மையான தூரிகையால் உதிரும் பொடியைத் தட்டியபின், பொருக்கின் ஓரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தைச் சோதனைக்குத் தேர்ந்துகொண்டேன். எல்லாவற்றையும் அந்த இடத்தில் செய்து பார்த்த பின்பே மற்ற இடத்துக்கு நகர வேண்டும். எண்ணெய் எது என்பதில் கவனம் தேவை. தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய கனிம எண்ணெய் நல்லது. சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம்; அவை நாளடைவில் காற்றோடு வினைபுரிந்து பிசினாக இறுகி, அமிலத்தன்மையும் பெற்றுவிடும்.

எண்ணெயைத் தூரிகையால் தடவி, இரண்டு நாள் விட்டேன். எண்ணெய் துருவைக் கரைப்பதில்லை. அது பொருக்கின் நுண்துளைகளுக்குள் ஊறி, செதில்களுக்கும் அடிப்படலத்துக்கும் இடையே உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. மூன்றாம் நாள் வெள்ளைத் துணியால் துடைத்தபோது துணி செங்கல் நிறமானது. மறுபடியும் எண்ணெய், மறுபடியும் இரண்டு நாள். நான்கு முறை இப்படிச் செய்தபின் பொடி நின்றுவிட்டது. பொருக்கு மட்டும் தங்கியது. துடைக்கும்போது துணியின் ஒரே பக்கத்தைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. துருவின் துகள்களில் சில, வாளின் எஃகோடு ஏறக்குறைய ஒத்த கடினம் உள்ளவை. அழுக்கான துணி உண்மையில் ஒரு மெல்லிய உப்புத்தாள்தான். ஒரு இழுப்பு, துணியைத் திருப்பு, அடுத்த இழுப்பு என்று போக வேண்டும்.

பொருக்குக்கு முதலில் மூங்கில் சீவலைப் பயன்படுத்தினேன். பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிட்டது. வராத இடங்களில் பித்தளைத் தகடு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டின் முனையை அரத்தால் நேராக்கி, கூர் இல்லாமல் ஆனால் விளிம்பு சதுரமாக இருக்கும்படி செய்துகொள்ள வேண்டும். எண்ணெய் ஈரத்தின் மேல் அதைப் படுக்கவைத்தாற்போலச் சாய்த்து, பொருக்கின் பக்கவாட்டிலிருந்து தள்ள வேண்டும். மேலிருந்து தோண்டக் கூடாது. பித்தளை, கடினமாக்கிய எஃகைவிட மென்மையானது. எனவே எஃகில் அது கீறுவதைவிடத் தானே தேய்வதுதான் அதிகம். சில இடங்களில் மஞ்சள் கோடு விழும். அது பித்தளைதான், எஃகின் காயம் அல்ல, எண்ணெய்த் துணியில் பெரும்பாலும் போய்விடும். அதற்கும் அசையாத மூன்று நான்கு கொப்புளங்களை மட்டும், பூதக்கண்ணாடியின் அடியில், அறுவைக் கத்தியின் நுனியை ஏறக்குறையக் கிடையாகப் பிடித்து, செதிலின் அடியில் நுழைத்துத் தூக்கினேன். பயிற்சி இல்லாதவருக்கு இந்தக் கடைசிப் படியை நான் பரிந்துரைக்க மாட்டேன். எஃகு முனை ஒருமுறை வழுக்கினால் நீளமாகக் கீறல் விழும். அந்தக் கொப்புளங்களை எண்ணெயில் இன்னும் ஒரு மாதம் விட்டுவைத்தாலும் ஒரு குறையும் வந்துவிடாது.

எங்கே நிறுத்துவது என்பதைத் துணியே சொல்லிவிடும். துணியில் வருவது சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும் வரை நீங்கள் எடுப்பது துரு. அது சாம்பல் அல்லது கறுப்பாக மாறிய கணத்தில், கரும்படலமோ எஃகோ தேயத் தொடங்கிவிட்டது. அங்கே கை நின்றுவிட வேண்டும். பூதக்கண்ணாடியில் குழிகளின் அடி கறுப்பாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. புள்ளிபுள்ளியாக வெள்ளி நிறம் மின்னினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இந்த 9 சென்டிமீட்டர் இடத்துக்கு எனக்கு ஆறு அமர்வுகள் பிடித்தன, ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். முடிவில் அந்த இடம் குழிகளோடுதான் இருந்தது, ஆனால் ஒரே சீரான கறுப்பு. பொருக்கின் அடியிலிருந்து, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு சிறு முத்திரை, விளிம்பு சிதையாமல் வெளிவந்தது. முதல் நாளே உப்புத்தாள் போட்டிருந்தால் அது இருந்தது என்பதே தெரியாமல் போயிருக்கும். விரல் கறைகளின் செம்பொடி எண்ணெயில் போயிற்று. அவற்றின் வடிவம் போகவில்லை. அந்த இடத்தில் எஃகே அரிபட்டிருக்கிறது. அதை அப்படியே விட்டேன்.

மிக நுண்ணிய 0000 தர எஃகுப் பஞ்சை எண்ணெயோடு பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். முழுவதும் பழுப்பேறி, மெருகு எங்குமே மிஞ்சாத முரட்டு அலகில், விரலின் எடை மட்டும் அழுத்த, பயன்படுத்தலாம். மெருகு ஓரிடத்தில் தெரிந்தாலும் கூடாது. அது நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்களை விட்டுச் செல்லும். மேலும் அதன் உடைந்த இழைகள் குழிகளில் தங்கி, தாமே துருப்பிடித்து, புதிய செம்புள்ளிகளை உண்டாக்கும். அதே வேலைக்கு வெண்கலப் பஞ்சு கிடைத்தால் அதுவே மேல். உலோகம் மெருகிடும் பசைகளை எந்த நிலையிலும் நான் ஏற்பதில்லை. அவற்றில் உள்ள உராய்வுப் பொடி பொறிப்பின் விளிம்புகளை மழுக்குவதோடு, குழிகளில் வெள்ளையாகத் தங்கி, எடுக்க முடியாத கறையாகிவிடும்.

துரு போனபின் எண்ணெயை எடுக்க வேண்டும். பெயிண்ட் கரைக்கப் பயன்படும் வெள்ளை ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள். அலகின் மேல் ஊற்ற வேண்டாம், அது வழிந்து பிடிக்குள் போய்விடும். சன்னல்களைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பில்லாமல், நைட்ரைல் கையுறையோடு செய்யுங்கள். கையுறை உங்கள் தோலுக்காக மட்டும் அல்ல. சுத்தமான எஃகின் மேல் படும் ஒரு விரல் ரேகை, சில நாள்களில் செம்மையாகப் படிந்துவிடும்.

இதற்குப் பிறகு உடனே மெழுகு பூசிவிட வேண்டும் என்பதில்லை. குழிகள் உள்ள இடத்துக்கு மட்டும் அதே கனிம எண்ணெயை மிக மெல்லிய பூச்சாக இட்டு, நான்கு முதல் ஆறு வாரம் கண்காணிப்பில் வைப்பது என் வழக்கம். வாரம் ஒருமுறை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்கிறேன். எங்கேனும் மறுபடி செம்மஞ்சள் தெரிந்தால், அந்த இடத்தில் துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் எண்ணெய், மூங்கில் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வாளில் ஒரே ஒரு குழி அப்படித் திரும்பியது. ஆறு வாரம் துணி வெள்ளையாகவே இருந்தபின், எண்ணெயை மறுபடி எடுத்துவிட்டு, நுண்படிக மெழுகை விரல் நுனி அளவு எடுத்து அலகு முழுவதும் மெல்லப் பரப்பி, சில நிமிடங்கள் கழித்து மென்துணியால் துடைத்தேன். அருங்காட்சியகங்களில் இரும்புக்குப் பரவலாகப் பயன்படும் இந்த வகை மெழுகுக் கலவை, 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் உருவானது. எண்ணெயைப் போல அது வழிந்து போகாது, தூசியைப் பிடித்து வைக்காது, வேண்டாம் என்று தோன்றினால் அதே ஸ்பிரிட்டில் கரைத்து எடுத்துவிடலாம்.

வாளை உறைக்குள் வைக்காதீர்கள். அது அழகாகத் தோன்றினாலும், இந்த வாளைத் துருவேற்றியது அந்த உறைதான். தோலைப் பதப்படுத்தப் பயன்பட்ட அமிலங்களும் உப்புகளும் அதில் தங்கியிருக்கும், ஈரமும் தங்கும். உறையைத் தனியாக, வாளைத் தனியாக, கிடையாக வையுங்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றுவதும் வேண்டாம். வெப்பம் ஏறி இறங்கும்போது உள்ளேயே நீர் வியர்க்கும். சுத்தமான இரும்பின் அரிப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டும்போது வேகம் பிடிக்கிறது. ஒரு பெட்டியில் சிலிக்கா ஜெல்லும், சிறிய ஈரப்பதமானி ஒன்றும் வைத்து, 45 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே இறக்கினால் எஃகுக்கு நல்லதுதான், ஆனால் பிடியின் மரமும் தோலும் சுருங்கி வெடிக்கத் தொடங்கும்.

எஞ்சியிருப்பது, கைக்காப்புக்கும் அலகுக்கும் இடையே உள்ள இடுக்கு. அங்கே தெரியும் துருவை எடுக்க வேண்டும் என்ற ஆசையில் பலர் பிடியைக் கழற்றிவிடுகிறார்கள். பல வாள்களில் பிடிக்குள் நுழையும் பகுதியின் முனை, பின்புறக் குமிழின் மேல் சுத்தியலால் தட்டி அகலப்படுத்தப்பட்டு, அதுவே முழுவதையும் பூட்டி வைத்திருக்கும். அதை அரத்தால் தேய்த்துக் கழற்றினால் மறுபடி பழையபடி பூட்ட முடியாது. அப்படிச் செய்ததன் தடயம், வாளைப் பார்வையிடுபவர் முதலில் தேடும் இடத்திலேயே தெரியும். அந்த இடுக்கில் எண்ணெய் விடவும் வேண்டாம்; அது உள்ளிருக்கும் மரத்துக்குப் போய்ச் சேரும். ஆண்டுக்கு இருமுறை பூதக்கண்ணாடியில் பாருங்கள். இடுக்கிலிருந்து புதிதாகச் செம்மை கசிந்து அலகின் மேல் இறங்கினால், அல்லது பிடி ஆடத் தொடங்கினால், அன்று வாளை அப்படியே துணியில் சுற்றி உலோகப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் கொண்டு போங்கள். நீங்கள் எடுத்து வைத்த முதல் நாள் படங்களும் கூடவே இருக்கட்டும்.